முதல் எட்டு வாரத்துக்கு நாடியைக் கேட்டு ஓட விடுங்கள்

பாலையூற்றிலும் சுற்றுவட்டாரத்திலும் புதியவர்களை ஓடப் பழக்கும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

நீங்கள் ஒரு சதம் வாங்காமல், வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் எழும்பி வந்து பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் மைதானத்தில் எதுவும் மாறாது.

என் மனக்குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருடப் பிறப்புக்குப் பிறகும் கால்பந்துப் பருவம் தொடங்கும்போதும் புது முகங்கள் நிறைய வருகின்றன. பள்ளிக்கூடம் விட்ட பையன்கள், பிள்ளை பெற்றபின் உடம்பைத் தேற்ற வரும் பெண்கள், சீனி வருத்தம் வந்துவிடுமோ என்ற பயத்தில் வரும் நாற்பது வயதுக்காரர் என்று பலரும் வருகிறார்கள். முதல் நாளே எல்லோரையும் ஒரே வரிசையில் விட்டு, மைதானத்தைச் சுற்ற வைக்கிறோம். முன்னால் ஓடுகிறவர் மூன்று வருடம் பழகியவர். கடைசியில் ஓடுகிறவர் நேற்று வந்தவர். இருவருக்கும் வேகம் ஒன்று. முன்னவருக்கு நிமிடத்துக்கு 140 துடிப்பில் முடிகிற காரியத்துக்குப் பின்னவரின் இதயம் 185 அடிக்கிறது. கடைசியாக வந்தவருக்குத் தண்டனையாகத் தண்டால் வேறு. மூன்றாம் வாரம் அவர் வரமாட்டார். வந்தாலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகுது என்று ஓரமாய்க் குந்தியிருப்பார். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தாக்குப்பிடிக்க ஏலாது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். நாம் போட்டுக் கொடுத்த பயிற்சித் திட்டத்தை யாரும் குறை சொல்வதில்லை.

2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் செய்திக்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் பழக்குகிற முறை பெரிதாக மாறவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மாற்றுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். இரண்டு விரல், ஒரு மணிக்கூடு, ஒரு விசில், ஒரு கொப்பி போதும்.

முதலில் நாடியைப் பற்றி. வருகிறவர் ஒவ்வொருவரிடமும், மூன்று நாள் காலையில் கண் விழித்ததும் பாயைவிட்டு எழும்பாமல், தேத்தண்ணி குடிக்குமுன், ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்தால் பிடிபடும். மூன்று நாள் கணக்கின் சராசரிதான் அவருடைய ஓய்வுத் துடிப்பு. அடுத்து வேண்டியது அவருடைய உச்சத் துடிப்பு. 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களில் பலருக்குத் தெரியும். 2001இல் டனாகாவும் கூட்டாளிகளும் நிறைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது பொருத்தம் என்றார்கள். வயது கூடியவர்களுக்குப் பழைய கணக்கு உச்சத்தைக் குறைத்துக் காட்டுவதால் நான் இரண்டாவதையே எடுக்கிறேன். புதியவரை மூச்சு முட்ட ஓடவிட்டு உச்சத்தை நேரடியாகக் கண்டுபிடிக்க மட்டும் வெளிக்கிடாதீர்கள். அந்தச் சோதனை பழகிய உடம்புக்குரியது.

ஓர் ஆளை வைத்தே கணக்கைப் போடுவோம். 24 வயதுத் தம்பி ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஓய்வுத் துடிப்பு 72. உச்சம், 208இலிருந்து 17 கழிய, 191. இரண்டுக்கும் நடுவில் உள்ள 119 துடிப்புத்தான் அவர் ஓட்டத்துக்குச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு. இந்த முறையை 1957இல் எழுதியவர் பின்லாந்து மருத்துவர் கார்வோனென். எளிய ஓட்டத்துக்குக் கையிருப்பில் பாதி முதல் 65 சதவீதம் வரை எடுத்து, அதோடு ஓய்வுத் துடிப்பைக் கூட்டுங்கள். தம்பிக்கு 132 முதல் 149 வரை வரும். கடின ஓட்டத்துக்கு 85 முதல் 90 சதவீதம். அது 173 முதல் 179 வரை. புதியவருக்கு இந்த இரண்டு வலயமும் போதும். கைக்கடிகாரக் கம்பனிகள் ஐந்து நிறத்தில் காட்டும் ஐந்து வலயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஒருவர் "70 சதவீதத்தில் ஓடு" என்கிறார், கேட்டவர் 191இல் 70 சதவீதத்தை எடுத்து 134 என்று வைத்துக்கொள்கிறார். இன்னொருவர் அதே 70ஐக் கையிருப்பில் போட்டு 155 என்கிறார். இடையில் 21 துடிப்பு வித்தியாசம். ஒன்று சும்மா மெல்லோட்டம், மற்றது இந்தத் தம்பிக்கு இளைக்க இளைக்க ஓடுவது. எந்தக் கணக்கைப் பாவிக்கிறீர்கள் என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, எல்லோருக்கும் அதையே பாவியுங்கள்.

ஓடும்போது ஒரு நிமிடம் நின்று எண்ண முடியாது. நின்றவுடனேயே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் விசில் ஊதுங்கள். எல்லோரும் நின்ற இடத்திலேயே குரல்வளைக்கு ஒரு பக்கத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்து 15 விநாடி எண்ணட்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக அழுத்தக் கூடாது, தலை சுற்றும். நாலால் பெருக்கும் வேலையையும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தம்பியின் பெயருக்கு நேரே 15 விநாடிக் கணக்கையே எழுதிவிடுங்கள்: எளிய ஓட்டம் 33 முதல் 37 வரை, கடின ஓட்டம் 43 முதல் 45 வரை. ஒரு துடிப்புப் பிழையாக எண்ணினால் நிமிடத்துக்கு நாலு பிழைக்கும். அதனால் ஒரு தடவைக் கணக்கை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கையில் கடிகாரம் கட்டி வருகிறவர்களையும் கவனியுங்கள். பட்டி தளர்ந்திருந்தால் அது நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். மெல்ல ஓடுகிறவர் சிரித்துக் கதைத்துக்கொண்டு வருவார், கடிகாரம் 165 காட்டும். அது பெரும்பாலும் அவர் நிமிடத்துக்கு வைக்கிற காலடிக் கணக்காகத்தான் இருக்கும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டச் சொல்லி, கழுத்து நாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சில் கட்டும் பட்டி இந்தப் பிழையை அவ்வளவாக விடாது.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது ஊகம்தான். ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பு 20 வரை வேறுபடுவது சாதாரணம். எனவே எண்ணை வாயால் சரிபார்க்க வேண்டும். எளிய ஓட்டத்தில் ஒருவர் முழுக் குறள் ஒன்றை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். லூர்து அன்னை ஆலயப் பக்கத்துப் பிள்ளைகள் செபம் சொல்லிப் பார்க்கட்டும். 36 எண்ணும்போதே தம்பிக்குக் குறள் நடுவில் அறுந்தால் அவருடைய உச்சம் கணக்கைவிடக் குறைவு என்று பொருள். அவருடைய எல்லையைக் கீழே இறக்குங்கள். 38இலும் தாராளமாகக் கதைக்கிறார் என்றால் கொஞ்சம் ஏற்றலாம். எண்ணும் வாயும் முரண்பட்டால் வாய் சொல்வதையே நம்புங்கள்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டொரு நாளாக. முதல் நாலு வாரமும் எளிய ஓட்டம் மட்டும். முதல் இரண்டு வாரத்தில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்துத் தடவை. அரை மணித்தியாலம் சரி. மூன்றாம் நாலாம் வாரங்களில் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, எட்டுத் தடவை. ஓட்டத்தின் முடிவில் தன் எளிய ஓட்ட எல்லையை, தம்பி என்றால் 37ஐ, தாண்டுகிறவர் முந்தைய வாரத்துக்குத் திரும்ப வேண்டும். நமது தம்பி முதல் வாரத்தில் ஒரு நிமிட ஓட்டத்திலேயே 39, 40 எண்ணக்கூடும். அப்படியானால் அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகமாக நடக்கிறவர் பக்கத்தில் வந்தால் முந்திவிடுகிற அளவுக்குக் கூடக் குறைக்கலாம். அவருக்கு வெட்கமாக இருக்கும், கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடியை நிறுத்தும் அதிகாரம் மைதானத்தில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். எளிய ஓட்டத்தின் முதல் சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. மாதக் கணக்கில் தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. இவை நடக்க, உடம்பு நெடுநேரம் வேலை செய்ய வேண்டும். நாக்கு வெளியே தள்ளுகிற வேகத்தில் புதியவர் ஏழெட்டு நிமிடத்துக்குமேல் நிற்கமாட்டார், அரை மணித்தியாலம் கிடைக்காது. இன்னொன்று, மூச்சு தேறுகிற வேகத்தில் எலும்பும் தசைநாணும் தேறுவதில்லை. மூன்றாம் வாரத்தில் "இப்ப நல்லா ஓடுறன் அண்ணா" என்று வேகம் கூட்டுகிறவருக்குத்தான் முன்னெலும்பு நோவு வருகிறது.

எல்லோரும் வேறு வேறு வேகத்தில் ஓடினால் குழுவை எப்படிக் கட்டிக் காப்பது என்பது உங்கள் நியாயமான கேள்வி. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள். எல்லோரும் ஒரே இடத்திலிருந்து ஒரே பாதையில் தத்தம் வேகத்தில் போகட்டும். 15 நிமிடம் ஆனதும் விசில், எல்லோரும் அந்தந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். சீராக ஓடியவர்கள், முன்னால் போனவரும் பின்னால் நின்றவரும், ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வார்கள். யாரும் கடைசி இல்லை. பிந்தி வருகிறவர் யாரென்றால், போகும்போது அவசரப்பட்டவர்தான். அவருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவருக்கே விளங்கிவிடும். பாதை தரையாக இருக்கட்டும். உப்புவெளிக் கடற்கரையின் இளமணலில் அதே வேகத்துக்குத் துடிப்புக் கூடிவிடும், குதிகால் நாணும் இழுபடும். ஈரமணல் என்றாலும் முதல் மாதம் வேண்டாம்.

ஐந்தாம் வாரம் முதல் வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்டர்வல். மற்ற இரண்டு நாளும் பழையபடி எளிய ஓட்டம். பத்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடம்பைச் சூடாக்கி, ஐந்தாம் ஆறாம் வாரங்களில் ஒரு நிமிட வேக ஓட்டம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு நிமிட நடை. ஏழாம் வாரம் இரண்டு நிமிடம் நாலு தடவை, நடுவில் இரண்டு நிமிடம். எட்டாம் வாரம் மூன்று நிமிடம் மூன்று தடவை, நடுவில் மூன்று நிமிடம். முடிவில் பத்து நிமிடம் நடை.

இதில் நாடியை எங்கே கேட்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வேகம் கூடிய அதே கணத்தில் துடிப்பு ஏறுவதில்லை. அது வேகத்தை எட்டிப்பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். ஒரு நிமிட ஓட்டத்தில் முதல் தடவை தம்பி 38தான் எண்ணுவார். "43 வரவில்லை, இன்னும் அடி" என்று விரட்டினால் அவர் குறுந்தூர ஓட்டக்காரனைப் போல் பாய்வார். மூன்றாவதில் கால் கட்டிவிடும். ஆகவே குறுகிய ஓட்டங்களில் வேகத்தைக் காலாலும் மூச்சாலும் அளக்க வேண்டும். இரண்டு மூன்று சொல் பேசலாம், ஒரு வசனம் பேச முடியாது என்ற அளவு. வீதியோரத்து விளக்குக் கம்பங்களை எண்ணச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தில் ஐந்து கம்பம் கடந்தவர் ஆறாவது ஓட்டத்திலும் ஐந்து கடந்தால் வேகம் சரி. முதலில் ஏழு, கடைசியில் நாலு என்றால் அடுத்த வாரம் ஆரம்பத்தை அடக்க வேண்டும். மூன்று நிமிட ஓட்டத்தில் மட்டும், அதுவும் இரண்டாவது மூன்றாவது தடவைகளின் முடிவில், 43 முதல் 45 வரை எதிர்பாருங்கள்.

துடிப்பு உண்மையில் பேசுவது ஓய்வில். 1930களில் ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் பயிற்றுநர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரெய்ண்டெலும் இன்டர்வல் பயிற்சியை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தபோது, ஓட்டத்தில் 180 வரை ஏறிய துடிப்பு ஒன்றரை நிமிடத்துக்குள் 120 அளவுக்கு இறங்க வேண்டும் என்று வைத்தார்கள். இறங்காவிட்டால் அன்றைய வேலை கூடிவிட்டது என்று பொருள். கெர்ஷ்லரிடம் பழகிய ஹார்பிக் 1939இல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். நமது தம்பிக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். ஓய்வு முடிகிறபோது 33 அல்லது அதற்குக் குறைவாக எண்ணினால் அடுத்த ஓட்டம். கூட இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் நடக்கட்டும். அதற்குப் பிறகும் இறங்கவில்லையா, அன்றைக்கு அவருக்கு இன்டர்வல் முடிந்தது, மெல்ல நடந்து வீட்டுக்குப் போகலாம். "இன்னும் ரெண்டு மிச்சம்" என்று பிடித்து வைக்காதீர்கள்.

நோர்வே நாட்டுக் கால்பந்து இளைஞர்கள் நாலு நிமிட ஓட்டம் நாலு செய்து முன்னேறியதை உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2001இல் வெளிவந்த ஆய்வு அது, முன்னேற்றமும் உண்மை. அந்த இளைஞர்கள் அதற்கு முன்பே பல வருடம் பழகிய தேர்ந்த ஆட்டக்காரர். அவர்களுடைய திட்டத்தை ஒரு வாரப் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கொடுக்க அந்த ஆய்வு இடம் தரவில்லை.

எங்கள் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் பங்குனி வெயிலும், நடு வருடத்தில் அடிக்கிற கச்சான் காற்றும் துடிப்பை ஏற்றிவிடும். உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் போகிறது. மிச்சமுள்ள இரத்தத்தைக் கொண்டு அதே வேலையை முடிக்க இதயம் கூடத் தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு 35 எண்ணியவர் எட்டு மணிக்கு அதே பாதையில் அதே வேகத்தில் 38, 39 எண்ணுவார். அரை மணித்தியாலத்தின் பிற்பாதியில் வேகம் கூடாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போவதும் இதனால்தான். அப்போது நடையைச் சேர்த்துத் துடிப்பை எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும், வேகத்தைக் காப்பாற்றப் போகக் கூடாது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். அந்த நாட்களில் இன்டர்வல் வைக்காதீர்கள். ஓடுகிறவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அந்த இடத்திலேயே நிழலில் கிடத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 1990க்கு அழைக்கட்டும்.

நாடிக் கணக்கு எல்லா ஆபத்தையும் காட்டாது. ஓடும்போது நெஞ்சு நோவு, மயக்கம், ஒழுங்கில்லாத படபடப்பு வந்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீர்ச் சாவு நடந்தவர், சீனி, பிரஷர் உள்ளவர் எல்லோரும் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அட்டெனலோல், பிசோப்ரொலோல் போன்ற குளிசை எடுப்பவருக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அந்தக் குளிசையே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். அவருக்குப் பேச்சுச் சோதனை மட்டுமே. காய்ச்சல் என்றால் ஓட்டமே இல்லை. காலை நாடி வழக்கத்தைவிடப் பத்துக் கூடியிருந்தால் அன்று இன்டர்வலை விட்டு நடக்கச் சொல்லுங்கள். டெங்குக் காலத்தில் காய்ச்சலை முந்திக்கொண்டு இந்த எண் சொல்லிவிடுவதும் உண்டு.

முன்னேறுகிறாரா என்று எப்படித் தெரியும்? இரண்டு வாரத்துக்கொரு முறை அதே பாதை, அதே காலை நேரம், தன் எளிய ஓட்ட எல்லைக்குள், தம்பி என்றால் 33 முதல் 37க்குள், 15 நிமிடத்தில் எத்தனையாவது கம்பம் வரை போகிறார் என்று கொப்பியில் எழுதுங்கள். துடிப்பு மாறாமல் கம்பம் கூடினால் திட்டம் வேலை செய்கிறது. நாலு வாரமாக நகரவில்லை என்றால் அவருடைய எளிய நாட்கள் எளிதாக இல்லை, அல்லது நித்திரை போதவில்லை. இன்டர்வலைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல.

உங்களிடம் கேட்பது இவைதான். அடுத்த முறை புதியவர்கள் வரும்போது அவர்களைப் பழையவர்களின் வரிசையில் சேர்க்காதீர்கள். எட்டு வாரத்துக்குத் தனிக் கொப்பி போடுங்கள். முதல் நாலு வாரம் விசில் அவர்களை நிறுத்தி நாடி பார்க்கவும் திருப்பி அழைக்கவும் மட்டும் ஒலிக்கட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு நாளுக்குமேல் இன்டர்வல் வேண்டாம். கடைசியாக வருகிறவருக்குத் தண்டால் கொடுக்கும் வழக்கத்தை இந்தப் பருவத்தோடு விட்டுவிடுங்கள். பாடசாலை மரதனுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கழகங்கள், இந்த எட்டு வாரத்தை முடிக்காத பிள்ளையின் பெயரைக் கொடுக்க மாட்டோம் என்று ஒன்றுகூடித் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைப் பெற்றோருக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். மரதன்கள் தை மாதத்தில் தொடங்கிவிடும், எனவே அந்தக் கொப்பி கார்த்திகையில் திறக்கப்பட வேண்டும்.

அன்புடன்,
பாலையூற்றிலிருந்து உங்களோடு ஓடும் ஒருவன்